கோயிலின் இடது பக்கம்

செத்த எலிக்கு ஒரு நாற்றம் உண்டு. கண்டோன்மெண்டில் பிளேக் வந்த வருஷங்களில் அந்த நாற்றம் என் புடவைத் தலைப்பில் தங்கிவிட்டது. பினாயில் போட்டுத் துவைத்தால் பினாயில் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். என் அம்மா என் துணிகளைத் தனிக்கொடியில்தான் காயப்போடுவாள். ஆனாலும் வேலையை விட்டுவிடு என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பங்களாவில் சமையல் செய்கிறவரின் மகள் நான் நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் நடந்து போனால், பல்லில்லாத கிழவிகூட எழுந்து நின்று வழிவிட்டாள். அம்மாவுக்கு அது போதும். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்தைப் பார்த்ததும் வாய் தானாக அதைப் படிக்கிற முதல் ஆள் நான்தான்.

என் வேலை இதுதான். ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் நான் போக வேண்டும். யாருக்காவது காய்ச்சல் உண்டா, தொடை இடுக்கில் கட்டி உண்டா, எலி விழுந்ததா என்று பெண்களிடம் விசாரிக்க வேண்டும். எலி செத்து விழுந்திருந்தால், பெண்கள் ஒதுங்கிய பிறகு கூடவே வரும் கூலியாள் அதை இடுக்கியால் எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டப்பாவில் போடுவான். டப்பா சாயங்காலம் ஆபீசுக்குப் போய்விடும். அந்த வீட்டுக்கு நான் ஒரு சீட்டு எழுதுவேன். மறுநாள் காலையில் மேஸ்திரி அந்தச் சீட்டோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். குடித்தனக்காரர்களை ஊருக்கு வெளியே கேம்ப் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, வெயில் உள்ளே இறங்கும்படி ஓடுகளைப் பிரிப்பார்கள். படுக்கை, பழந்துணி, பாய், பஞ்சு எல்லாவற்றையும் தெருவில் போட்டுக் கொளுத்துவார்கள். பிறகு மருந்துத் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு.

சீட்டில் குடித்தனக்காரரின் பெயரை எழுதக் கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. பெயர் எழுதிய காலத்தில் சேதி ராத்திரியே கசிந்துவிடும், விடிவதற்குள் சனங்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள், பிளேக்கும் கூடவே போகும். ஆகவே வீட்டு நம்பர் மட்டும் எழுதுவோம். நம்பர் இல்லாத இடத்தில் அடையாளம் எழுதுவோம்.

நான் சொல்லப்போகும் தெருவில் நம்பர் இல்லை. நடுவில் ஒரு சிறிய மாதா கோயில். அதன் சுவரை ஒட்டி இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. இரண்டும் ஒரே மாதிரி ஓட்டு வீடு, ஒரே மாதிரி பச்சைக் கதவு. கோயில் நிலத்தில் கட்டிய வீடுகள் என்பதால் முனிசிபாலிட்டியார் தகடு அடிக்கவில்லை. ஒரு வீட்டில் தானிய மண்டிக்காரர் குடும்பம். மற்றதில் மெத்தை தைக்கிற ஒரு விதவை, தனியாள். பங்களாக்களுக்கும் பள்ளிக்கூட விடுதிகளுக்கும் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுப்பவள். அந்த மாதம் ஒரு பெண்கள் விடுதிக்குப் பன்னிரண்டு மெத்தை தைத்து முடித்திருந்தாள். என்னை வாசலிலேயே நிறுத்தி ஒரு மெத்தையின் மேல் முழங்கையை ஊன்றிக் காட்டினாள்.

"பாரு பொண்ணே, குழி விழுதா? கையை எடுத்ததும் எழும்பிடணும். அதுதான் என் கை."

அவள் வீட்டில் எலி இல்லை. பஞ்சு கெட்டுவிடும் என்று மூலைக்கு மூலை பொறி வைத்திருந்தாள், இரண்டு பூனை வேறு. நான் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மண்டிக்காரர் வீட்டில் அவருடைய மருமகள் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாமனார் கடைக்குப் போயிருந்தார். ராகி மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு எலிகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. ஒன்றின் மேல் எறும்பு மொய்த்திருந்தது. மூட்டைமேல் அவளுடைய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா விழுதுக்கா. மாமா வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. நான் சொன்னேன்னு எழுதிடாதீங்க."

கூலியாள் எலிகளை எடுத்துப் போனான். நான் தெருவுக்கு வந்து சுவரோரமாக நின்று சீட்டை எழுதத் தொடங்கினேன்.

அந்தத் தெருவில் இந்த இரண்டு வீடுகளையும் யாரும் இடம் வலம் என்று சொல்வதில்லை. கோயிலுக்குள் நுழைந்து பீடத்தைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் பெண்கள் முழங்கால் போடுவார்கள், வலக்கைப் பக்கம் ஆண்கள். ஆகவே பெண்கள் பக்கச் சுவரை ஒட்டிய வீடு பொம்பளைங்க பக்கத்து வீடு, மற்றது ஆம்பளைங்க பக்கத்து வீடு. மெத்தைக்காரி வீடு பொம்பளைங்க பக்கம். மண்டிக்காரர் வீடு ஆம்பளைங்க பக்கம். தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

சர்க்கார் காகிதத்தில் 'ஆம்பளைங்க பக்கம்' என்று எழுத எனக்குக் கேவலமாக இருந்தது. படித்தவள் எழுதுகிற எழுத்தா அது? இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு உடற்கூறு படம் தொங்கவிட்டுப் பாடம் நடத்துவார்கள். படத்தில் இருக்கிற மனிதனின் இடக்கை, பார்க்கிற நமக்கு வலப்பக்கம் தெரியும். நமக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கக் கூடாது, அவனுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். அந்தப் பாடத்தில் நான் ஒரு தடவைகூடத் தவறு செய்ததில்லை. கோயிலுக்கும் முகம் உண்டு, அது தெருவைப் பார்த்து நிற்கிறது. அதன் இடக்கைப் பக்கம் மண்டிக்காரர் வீடு. பூசை முடிந்து வாசலை விட்டு இறங்குகிறவனுக்கும் அதுவே இடது. அழகான கையெழுத்தில் 'கோயிலுக்கு இடது பக்கத்து வீடு, எலி இரண்டு' என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

மறுநாள் காலை வேறொரு தெருவில் எனக்கு வேலை. அங்கே முடித்துக்கொண்டு வரும்போதே பஞ்சு கருகும் நாற்றம் வந்தது. தலைமயிர் கருகுவதுபோல ஒரு நாற்றம். திருப்பத்தில் நின்று பார்த்தேன். பெண்கள் பக்கத்து வீட்டின் கூரையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டைப் பிரித்துக் கீழே எறிந்துகொண்டிருந்தார்கள். தெரு நடுவே மெத்தைகள் புகைந்தன. இலவம்பஞ்சு சுடர்விட்டு எரியாது. மேலே கறுத்துப்போய், உள்ளுக்குள் சிவப்பாக ஊர்ந்துகொண்டிருக்கும். நான்கு மெத்தைகள் அப்படிக் கிடந்தன. மிச்சம் எட்டு வாசலில் அடுக்கியிருந்தன. மெத்தைக்காரி அவற்றின் மேல் குப்புறப் படுத்திருந்தாள்.

"எலி இல்லடா என் வீட்டுல. ரெண்டு பூனை வச்சிருக்கேன்டா, பாவிங்களா."

"எல்லாருமே இல்லன்னுதாம்மா சொல்றாங்க" என்றார் மேஸ்திரி. கன்னடக்காரர், எங்கள் தமிழை நன்றாகப் பேசுவார். அவர் குரலில் கோபமே இல்லை. "தினம் பத்து வீடு பாக்கறேன். எல்லா வீட்லயும் பூனை இருக்குது. விடும்மா, எழுந்திரு."

கோயிலுக்கு அந்தப் பக்கம் மண்டிக்காரர் தன் வீட்டு வாசலில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எரிவது தன் படுக்கை அல்ல என்று அவருக்குத் தெரியும். எலி விழுந்தது தன் வீட்டில்தான் என்றும் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் மென்றார்.

நான் ஓடிப்போய் மேஸ்திரியை நிறுத்தினேன். "இந்த வீடு இல்ல, அந்த வீடு."

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். "மிஸ்ஸம்மா, உங்க எழுத்துதானே? இடது பக்கம்னு போட்டிருக்குது. நான் தெருவுல நின்னேன், கோயிலைப் பாத்தேன், இடது கையை நீட்டினேன். இந்த வீடு."

"கோயிலோட இடது. உங்க இடது இல்ல."

"கோயிலுக்கு ஏதும்மா கை?"

கூரைமேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நெருப்பை அணை. அதை நான் சொல்லவில்லை. உடற்கூறு படத்தைப் பற்றிச் சொன்னேன். படத்து மனிதனின் இடக்கை எந்தப் பக்கம் என்று விளக்கினேன். வாசலிலிருந்து இறங்குகிறவனுக்கு இடது எது என்று கோயில் படியில் ஏறி நின்று, கையை நீட்டிக் காட்டினேன். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார். அவருக்கு எதிரே நான் நின்றதால் என் இடக்கை அவருக்கு வலப்பக்கம் நீண்டது. அவர் தன் இடக்கையை நீட்டினார். இரண்டு பேருடைய கைகளும் இரண்டு வீடுகளைக் காட்டிக்கொண்டு நின்றன. அவருடைய ஆட்களை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவர்கள் மெத்தைக்காரியைத் தோளைப் பிடித்து எழுப்பி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, இன்னும் மூன்று மெத்தைகளை இழுத்துத் தீயில் போட்டார்கள்.

அந்த மூன்றும் என் கணக்கு. முதல் நான்கு, எழுதினதில் நேர்ந்த பிழை. இந்த மூன்றும் நான் எழுதினது சரி என்று நிரூபிப்பதற்காக எரிந்தவை.

மெத்தைக்காரி அழுகையை நிறுத்தியிருந்தாள். என்னையே பார்த்தாள்.

"என் வீட்டை இடதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"உங்க வீட்டைச் சொல்லலக்கா. நான் எழுதினது அந்த வீட்டை."

"எந்த வீட்டையோ. பீடத்துல சிலுவையில பாடுபட்ட சுரூபம் இருக்குதில்ல? அவருக்கு வலது கை எந்தப் பக்கம்? நம்ம பக்கம். பொம்பளைங்க பக்கம். நாப்பது வருஷமா ஆண்டவரோட வலது பக்கத்துல குடியிருக்கேன். நீ ஆம்பளைங்க பக்கம்னு எழுதியிருந்தா இந்தக் கூலிக்காரனுக்கும் புரிஞ்சிருக்கும். நாலு எழுத்து படிச்சதும் அது நாறிப் போச்சா உனக்கு?"

நெருப்பை அணைக்கச் சொன்னேன். அதுவும் மெதுவாகத்தான் நடந்தது. மருந்துத் தண்ணீர் வாளியைக் கவிழ்த்தார்கள். ஈரப் பஞ்சும் பினாயிலும் சேர்ந்து தெரு முழுக்கக் கறுப்புக் கஞ்சியாக ஓடியது. ஐந்து மெத்தைகள் மிஞ்சின.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். சேற்றில் பூட்ஸ் படாதபடி கோயில் படியிலேயே நின்றுகொண்டார். மேஸ்திரி நடந்ததைச் சொன்னார். அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"கட்டடத்தைப் பார்த்து நிற்கணும். அப்புறம் இடது. இது உனக்குத் தெரியாதா?"

"எங்கயும் எழுதி வைக்கலயே சார்."

"எழுதி வைப்பாங்களா? உனக்கே தெரியணும். ஒவ்வொருத்தியும் வீட்டுக்கு உள்ளே நின்னுக்கிட்டு இடதுன்னா நான் எப்படி வேலை வாங்கறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போது யோசித்தால் தெருவிலிருந்து வருகிறவனுக்கு வழி சொல்லும்போது அவன் பார்வையில் சொல்வதுதான் ஒழுங்கு. சீட்டைப் படிக்கிறவன் எங்கே நிற்பான் என்று எழுதுகிறவள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் கோயிலை நினைத்தேன், பள்ளிக்கூடத்தை நினைத்தேன், இன்ஸ்பெக்டர் சிரிப்பாரோ என்று நினைத்தேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்கப்போகிற மேஸ்திரியை நினைக்கவில்லை.

ஆனால் இன்ஸ்பெக்டர் அதோடு நிற்கவில்லை. குரலைத் தாழ்த்தி என்னை அருகே கூப்பிட்டார்.

"நேத்து எலி டப்பா ஆபீசுக்கு வந்தாச்சு. எந்த வீட்டு எலின்னு எலி மேலே எழுதியிருக்கா? ஒண்ணு இந்த வீட்டுல, ஒண்ணு அந்த வீட்டுலன்னு போட்டுடு. இன்னைக்கு மத்தியானமே அந்த வீட்டையும் பிரிச்சுடலாம். யாருக்கும் பொல்லாப்பு இல்ல. உன் வேலையும் போகாது."

"அவங்க வீட்டுல எலி இல்ல சார்."

"இல்லன்னா இப்ப யாருக்கு என்ன? எரிஞ்சது எரிஞ்சாச்சு."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. காலைப் பலகாரம் இன்னும் சாப்பிடவில்லை என்பதுபோல அலுப்போடு சொன்னார். அந்த அலுப்புதான் எனக்கு எலி நாற்றத்தைவிட மோசமாக இருந்தது. அவள் வீட்டில் எலி விழுந்தது என்று ஒரு வரி ரிஜிஸ்டரில் ஏறினால், கண்டோன்மெண்டில் எந்த வீட்டிலும் அவள் தைத்த மெத்தையில் ஒருவரும் தலைவைக்க மாட்டார்கள். மிஞ்சின ஐந்தையும் விடுதிக்காரர்கள் வாசலுக்குள் விடமாட்டார்கள். எரிந்தது ஏழு மெத்தை. அந்த ஒரு வரி எரிக்கப்போவது அவள் கையை.

எனக்கு அது தெரிந்தது. இருந்தாலும் உடனே முடியாது என்று சொல்லவில்லை. வேலை போய்விட்டால் தனிக்கொடியில் என் துணி காயாது, தெருவில் யாரும் எழுந்து வழிவிட மாட்டார்கள் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இன்ஸ்பெக்டர் தன் பேனாவை நீட்டினார். நல்ல பேனா. வாங்கிக்கொண்டேன்.

கோயில் படியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். இரண்டு எலியும் ஒரே வீட்டில் எடுத்தவை. அது கோயிலின் ஆண்கள் பக்கச் சுவரை ஒட்டிய வீடு. சீட்டில் நான் இடது என்று எழுதியது கோயிலிலிருந்து வெளியே வருகிறவருடைய இடது. மேஸ்திரி கோயிலைப் பார்த்து நின்று இடது கொண்டார். மற்ற வீட்டில் எலி இல்லை, நோய் இல்லை, அங்கே ஓடு பிரித்ததும் ஏழு மெத்தைகள் எரித்ததும் இந்தத் தவற்றால். கீழே கையெழுத்துப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் படித்தார். "உன்னையும் மாட்டிக்கிட்டு மேஸ்திரியையும் மாட்டிவிட்டிருக்கே."

"மேஸ்திரி செஞ்சது தப்புன்னு எழுதலயே சார். எங்க நின்னாருன்னுதான் எழுதியிருக்கேன்."

"குடித்தனக்காரி ரேகை இல்லாம இது செல்லாது" என்று சொல்லிவிட்டு, மண்டிக்காரரைப் பார்த்துக் கையைத் தட்டி, வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். மண்டிக்காரர் அப்போதுதான் வெற்றிலையைத் துப்பினார். எலியைப் பற்றிச் சொன்னது யார் என்று கேட்டார். மோப்பம் பிடித்து நானே கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

மெத்தைக்காரி திறந்த கூரைக்குக் கீழே, ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே, மிஞ்சின ஐந்து மெத்தைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் நோட்டுப் புத்தகத்தையும் மைப்பெட்டியையும் கொண்டுபோனேன்.

"படி" என்றாள்.

படித்தேன். ஆண்கள் பக்கம் என்று வந்த இடத்தில் தலையை ஆட்டினாள். இடது என்று வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அந்த மேஸ்திரியோட இடது, உன்னோட இடதுன்னு எழுதிக்கோ, அது உங்க சண்டை. என் வீட்டுக்குப் பேரு என்ன எழுதியிருக்கே?"

"மற்ற வீடுன்னு."

"மற்ற வீடா?"

பேனாவை எடுத்து அடித்துவிட்டு, 'பெண்கள் பக்கச் சுவரை ஒட்டிய வீடு' என்று மேலே எழுதினேன். அடித்ததற்குப் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். சர்க்கார் காகிதத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அப்படிச் செய்ய வேண்டும்.

"இன்னொரு தரம் முழுசாப் படி."

முழுவதையும் படித்தேன். வெயில் நேராக எங்கள் தலைமேல் இறங்கியது. அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து முதல் ஓடு விழுகிற சத்தம் கேட்டது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேம்ப் வண்டிக்குப் போவதைக் கதவு வழியாகப் பார்த்தேன். அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

மெத்தைக்காரி கட்டைவிரலை நீட்டினாள். மை தடவி, காகிதத்தில் உருட்டி எடுத்தேன். ரேகை தெளிவாக விழவில்லை. ஊசி குத்திக் குத்தி விரல் நுனியில் கோடுகள் தேய்ந்திருந்தன. இரண்டாம் முறையும் ஒரு கறுப்பு வட்டம்தான் விழுந்தது. துடைத்துக்கொள்ள என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கவில்லை, தரையில் கிடந்த கருகின பஞ்சை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"போ" என்றாள். "நீ இங்க உக்காந்திருந்தா, இன்னும் எலி தேடறேன்னு நாலு பேரு நினைப்பாங்க. போயி அந்த விடுதிக்காரம்மாகிட்ட இதைக் காட்டு. என் வாயால நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ எழுதினது, நீயே போயி படிச்சுக் காட்டு."

போனேன். புடவையெல்லாம் புகை நாற்றம். விடுதித் தலைவி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, என்னைத் தாழ்வாரத்துக்கு வெளியே நிறுத்தி, தூரத்திலிருந்தே கேட்டார். நான் உரக்கப் படித்தேன். ஐந்து மெத்தைகளையும் கொண்டுவரச் சொன்னார். மிச்சம் ஏழையும் அவளையே தைத்துத் தரச் சொன்னார். அவகாசம் ஒரு மாதம்.

ஓடுகளை முனிசிபாலிட்டி பத்து நாள் கழித்து மாற்றிக் கொடுத்தது. பஞ்சைக் கொடுக்கவில்லை. என்னை வீடு வீடாகப் போகிற வேலையிலிருந்து எடுத்து, ஆபீசில் மற்றவர்கள் எழுதின சீட்டுகளைப் படி எடுக்க உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு நாளும் இடது, வலது, இடது என்று எழுதினேன். ஒவ்வொன்றையும் எழுதும் முன் எழுதினவனைக் கூப்பிட்டு, நீ எங்கே நின்றாய் என்று கேட்டேன். அவர்களுக்கு நான் பெரிய தொல்லை. ஒருவன் என் காதில் விழும்படியே சொன்னான், சமையல்காரன் மகளுக்குத் திமிரைப் பாரு என்று. அவன் சீட்டை நான் திருப்பிக் கொடுத்தேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது என்றேன்.